பஜ்ஜி எண்ணெய் குடிப்பது எப்போது?

மழை ஆரம்பித்ததும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எல்லாரும் சொல்கிற மாதிரி மிதமான தீயில்தான் பொரிக்கிறேன். மாவும் கெட்டியாகத்தான் கரைக்கிறேன். ஆனாலும் வாழைக்காய் பஜ்ஜியைப் பிய்த்தால் விரலெல்லாம் எண்ணெய். நிறமும் ஒரு பக்கம் சிவந்து ஒரு பக்கம் வெளுத்து வருகிறது. என்ன காரணம்?"

பஜ்ஜி வாணலியில் மிதக்கும் நேரமெல்லாம் எண்ணெயைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது எண்ணெய் குடிப்பதில் பெரும்பகுதி, வாணலியை விட்டு வெளியே வந்த பிறகு நடக்கிறது. இது புரிந்துவிட்டால் கெட்டி மாவு, மிதமான சூடு என்ற இரண்டு பழைய யோசனைகளுக்கும் காரணம் தானாகத் தெரியவரும்.

பஜ்ஜி போட்டதும் எண்ணெய் கொதிப்பதுபோலத் தெரிகிறதே, அந்தக் குமிழி ஒவ்வொன்றும் மாவிலிருந்து வெளியேறும் நீராவி. எண்ணெய் 170 டிகிரியில் இருக்கிறது, தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிவிடும். ஒரு மில்லி தண்ணீர் ஆவியானால் சுமார் 1.7 லிட்டர் இடம் கேட்கும். அவ்வளவு ஆவி மாவின் நுண்துளைகள் வழியாக முண்டியடித்துக்கொண்டு வெளியே வரும்போது, எதிர்த்திசையில் எண்ணெய் உள்ளே போக வழியில்லை. ஆவி வரும்வரை பஜ்ஜிக்குக் காவல் இருக்கிறது.

வெளியே எடுத்ததும் காவல் போய்விடுகிறது. பஜ்ஜியின் மேல்தோல் முழுக்க எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கிறது. தோலுக்குள் இருக்கும் துளைகளில் நீராவி அடைந்திருக்கிறது. சூடு இறங்க இறங்க அந்த ஆவி மறுபடி நீராகிறது. லிட்டர் கணக்கில் இடம் பிடித்திருந்தது மில்லிக் கணக்குக்குச் சுருங்கினால் துளைக்குள் என்ன ஆகும்? அழுத்தம் குறையும். வெளியே இருக்கும் காற்றழுத்தம், தோலில் ஒட்டியிருந்த எண்ணெயை அப்படியே உள்ளே தள்ளிவிடும். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது நடப்பதும் இதேதான். இங்கே உறிஞ்சுவதற்கு வாய் இல்லை, ஆறுகிற பஜ்ஜியே அந்த வேலையைச் செய்துகொள்கிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1990களில் உருளைக்கிழங்குச் சீவல்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதைப் பொரிக்கும் எண்ணெயில் வெவ்வேறு நேரங்களில் கலந்து பார்த்தார்கள். சீவல் பொரியும்போதே எண்ணெய் குடிக்கிறது என்றால், சாயத்தைத் தொடக்கத்தில் கலக்கும்போது உள்ளே நிறையச் சாயம் போயிருக்க வேண்டும், கடைசியில் கலந்தால் கொஞ்சம்தான் போயிருக்க வேண்டும். இரண்டிலும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. அதாவது, எடுக்கும் நேரத்தில் மேலே என்ன ஒட்டியிருந்ததோ அதுதான் உள்ளே போயிருக்கிறது. ஒரு சாயமும் ஒரு கடிகாரமும் போதும், இவ்வளவு சுத்தமான பதில் கிடைத்துவிட்டது.

சோதனை உருளைக்கிழங்கில் நடந்ததில் ஆச்சரியமில்லை. சிப்ஸ் விற்பவர்களுக்கு எண்ணெய் என்பது பணம், அதனால் அந்த ஆராய்ச்சிக்குப் பணமும் வரும். கடலை மாவுப் பண்டங்களை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் தெருவுக்குத் தெரு டீக்கடை வாசலில் பொரிகிற பண்டத்துக்கு அது போதாது என்பது என் கருத்து.

சரி, மாவுக்கு வருவோம். எண்ணெய் போய் உட்கார இடம் வேண்டும். அந்த இடம், தண்ணீர் விட்டுப்போன இடம். மாவு நீர்க்க இருந்தால் ஆவியாக வேண்டிய தண்ணீர் அதிகம், அது போனபின் மிஞ்சும் துளைகளும் அதிகம். கெட்டி மாவு சொல்வது இதற்காகத்தான். ஒரு கப் கடலை மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு சேர்த்து, முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரில் தொடங்குங்கள். கடைசித் தண்ணீரை மட்டும் பார்த்துப் பார்த்துத் தெளிக்க வேண்டும், ஏனென்றால் மாவுக்கு மாவு நீர் இழுப்பது மாறும். வாழைக்காய்த் துண்டை முக்கித் தூக்கினால் காயின் பச்சை நிறம் மறைந்திருக்க வேண்டும், மாவு நூலாக ஒழுகாமல் ஒரே ஒரு கனத்த சொட்டாகத் தயங்கி விழ வேண்டும். அதைவிடக் கெட்டியானால் வேறு தொல்லை: வெளித்தோல் முறுகிய பிறகும் காயை ஒட்டிய உள்மாவு பச்சை வாசனை அடிக்கும்.

ஆப்பச் சோடாவும் துளை போடும் சாமான்தான். ஒரு சிட்டிகை போட்டால் மாவு மிருதுவாகும். அரை டீஸ்பூன் போட்டால் பஜ்ஜி பஞ்சுபோல உப்பும், பஞ்சுபோலவே எண்ணெயும் பிடிக்கும். சோடா அதிகமானதைப் பொரிப்பதற்கு முன்பே கண்ணால் பார்க்கலாம். மாவில் மஞ்சள் தூள் சேர்த்திருந்தால், சோடா கரையாமல் நின்ற இடங்களில் செம்மண் நிறத்தில் புள்ளிகள் தெரியும். மஞ்சளில் இருக்கும் நிறமி காரம் பட்டால் சிவக்கும். பள்ளி ஆய்வகத்தில் மஞ்சள் தாளில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்திருப்பீர்களே, அதே வேதியியல்.

இனி சூடு. மிதமான தீ என்றால் அடுப்புத் திருகை நடுவில் வைப்பது என்று எடுத்துக்கொள்கிறோம். பஜ்ஜிக்குத் தீ தெரியாது, அதற்குத் தெரிவது எண்ணெயின் வெப்பநிலை மட்டும். ஒரு சின்னக் கணக்கு போடலாம். வாணலியில் அரை லிட்டர் எண்ணெய். அது ஒரு டிகிரி ஏறவோ இறங்கவோ சுமார் 1000 ஜூல் வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2260 ஜூல் வேண்டும். ஆக, மாவிலிருந்து ஒரு கிராம் தண்ணீர் ஆவியானாலே எண்ணெய் இரண்டு டிகிரிக்கு மேல் குளிர்கிறது, ஒரு டீஸ்பூன் தண்ணீர் போனால் பதினோரு டிகிரி. நாலு பஜ்ஜி சேர்ந்து ஒரு டீஸ்பூன் தண்ணீரை விடுவதற்கு அதிக நேரம் ஆகாது. பச்சைக் காயையும் மாவையும் சூடாக்கும் செலவு தனி. இந்த இழப்பை அடுப்பு ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால்தான் வாணலி நிறைய எட்டு பஜ்ஜி போட்டு, தீயைத் தொடாமல் விட்டால், எண்ணெய் 130 டிகிரிக்கே இறங்கிவிடும். ஆவி சோம்பலாக வரும், தோல் இறுக நேரமாகும், பஜ்ஜி வெளுத்து நனைந்து கிடக்கும். கணக்கில் வந்தது மிதமான தீ, நடந்தது குறைந்த சூட்டுப் பொரியல். அரை லிட்டருக்கு நாலு பஜ்ஜி போதும். போட்டவுடன் தீயைக் கொஞ்சம் ஏற்றி, குமிழி அடங்க ஆரம்பிக்கும்போது இறக்கிக்கொள்ளலாம். தொடங்கும் சூட்டைப் பார்க்கத் தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சொட்டு மாவு விடுங்கள். அடியில் போய்த் தங்கினால் சூடு போதாது. விழுந்த வேகத்திலேயே மேலே நின்று சிவந்தால் அதிகம். பாதி இறங்கி, குமிழிகளோடு நிதானமாக மேலே வந்தால் சரி.

எண்ணெயில் ஒரு கல் உப்பு போட்டால் பஜ்ஜி எண்ணெய் குடிக்காது என்று வீடியோக்களில் சத்தியம் செய்கிறார்கள். உப்பு எண்ணெயில் கரையாது, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். பார்ப்பவர் கண் பட்டால் பலகாரம் எண்ணெய் குடிக்கும் என்பதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நிறம் வருவதும் தண்ணீரைப் பொறுத்ததே. தண்ணீர் இருக்கும்வரை தோல் 100 டிகிரியைத் தாண்டாது. தோல் வறண்ட பிறகுதான் 140, 150 என்று ஏறும், அப்போது மாவின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமாகும். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் பெயரால் மையார் வினை என்பார்கள். கடலை மாவில் புரதம் அதிகம், அதிலும் இந்த வினைக்கு ஏற்ற லைசின் நிறைய. அதனால் அரிசி மாவைவிடச் சீக்கிரம் சிவக்கும். குமிழிச் சத்தம் ஓங்கியிருக்கும்போது நிறம் மெதுவாகவும், சத்தம் தணிந்ததும் மளமளவென்றும் ஏறுவது இதனால்தான். எடுத்த பிறகும் தோலின் சூட்டில் ஒரு சாயல் கூடும், அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஒரு பக்கம் வெளுப்பதற்குக் காரணம், மேல்பாதி எண்ணெய்க்கு வெளியே மிதப்பது. காயில் ஈரம் இருந்தால் காய்க்கும் மாவுக்கும் நடுவே ஆவி தேங்கி ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும். லேசான அந்தப் பக்கம் எத்தனை முறை திருப்பினாலும் மேலேயே வந்து நிற்கும். திருப்பப் போராடுவதைவிட, கரண்டியால் சூடான எண்ணெயை அதன் மேல் அள்ளி ஊற்றுவது பயன் தரும். சீவிய காயைத் துணியில் ஒற்றிவிட்டு முக்கினால் இந்தத் தொல்லையே பாதி குறையும்.

போண்டா உருண்டை என்பதால் திருப்புவது எளிது. உள்ளே இருக்கும் காய்கறி மசாலா ஏற்கெனவே வெந்தது, வேக வேண்டியது மேல்மாவு மட்டும். எனவே பஜ்ஜியைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில், குறைந்த நேரத்தில் எடுக்கலாம். அதன் எதிரி வெடிப்பு. மசாலா சூடாகவோ சொதசொதவென்றோ இருந்தால் உள்ளே பிறக்கும் ஆவி மாவின் மெல்லிய இடத்தைக் கிழித்துக்கொண்டு வரும், மசாலா எண்ணெயில் கொட்டி நுரை பொங்கும். நன்றாக ஆறவிட்டு உருட்டி, மாவு எங்கும் ஒரே கனமாக மூடியிருக்கிறதா என்று பார்த்துப் போட வேண்டும்.

எடுக்கும் அரை நிமிடத்துக்குத்தான் அதிகக் கவனம் தேவை. எடுப்பதற்குச் சற்று முன் தீயை ஏற்றுங்கள். சூடான எண்ணெய் இளகி ஓடும், ஆவியும் கொஞ்சம் வேகமாக வரும். ஜல்லிக்கரண்டியில் எடுத்து, வாணலி விளிம்பில் சாய்த்துப் பத்துப் பதினைந்து விநாடி பிடித்து, இரண்டு மூன்று முறை தட்டிவிட்டு, உடனே தாளில் வைத்துப் புரட்டி ஒற்றிவிடுங்கள். ஆறிய பிறகு ஒற்றினால் மேலே இருப்பது மட்டும்தான் வரும், உள்ளே போனது போனதுதான். தாள் அச்சடித்த செய்தித்தாளாக இருக்கக் கூடாது, சூடான எண்ணெயில் மை இளகி ஒட்டும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம், கீழே இருப்பதன் ஆவி மேலே இருப்பதை நனைத்துவிடும்.

மிஞ்சிய எண்ணெயை ஆறியதும் வடிகட்டி மாவுத் தூளை நீக்கிவிட்டு, இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடலாம். பலமுறை காய்ந்த எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் சேர்ந்து அது தண்ணீரோடு உறவாட ஆரம்பிக்கும், நுரைக்கும், பஜ்ஜியின் மேல் பிசினாக ஒட்டும். அப்படிப்பட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பொரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையில் விதி கொண்டுவந்தது. வீட்டில் அதை அளக்க முடியாது. பஜ்ஜி போட்டதும் எழும் நுரை பொடிப்பொடியாகக் கூடி, எடுத்த பிறகும் கலையாமல் நின்றால் அந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள்.