ஒரு கொழுந்துக்கு எட்டுப் படம்

இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும் மாதங்களில் தேயிலையில் கொப்புள நோய் பரவும். இளம் இலையில் முதலில் வெளிறிய புள்ளி ஒன்று தெரியும். பிறகு மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைக்கும். படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்க ஒரு நிரலைப் பழக்குவதாக வைத்துக்கொள்வோம். கையில் 240 படங்கள்தான்: நல்ல இலை 160, நோய் இலை 80. இவ்வளவு குறைவாக இருந்தால் நிரல் நோயைக் கற்காது, படங்களை மனப்பாடம் செய்துவிடும்.

அதனால் இருக்கிற படங்களை மாற்றிப் பிரதி எடுக்கிறார்கள். கணினிக்குப் படம் என்பது வெறும் எண்களின் கட்டம். இடவலமாகப் புரட்டினால் எண்கள் எல்லாம் இடம் மாறிவிடும். நமக்கு அதே இலை, அதற்கு வேறு படம். கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று திருப்பி, புரட்டியும் வைத்தால் ஒரு படம் எட்டாகும். இலை எப்படிக் கிடந்தாலும் நோய் நோய்தான் என்பதால் இது செல்லும். தாளில் எழுதிய எண்களை வாசிக்கும் நிரலுக்குச் செல்லாது, 6 தலைகீழானால் 9 ஆகிவிடுமே!

30 பாகை திருப்பினால் படத்தின் மூலைகள் கறுப்பாகிவிடும். நோய்ப் படங்கள் குறைவு என்று அவற்றை மட்டும் அப்படித் திருப்பினால் வந்தது வினை: கறுப்பு மூலைதான் நோய் என்று நிரல் பிடித்துக்கொள்ளும். நல்ல இலைப் படங்களின் மூலைகளைக் கறுப்பாக்கிக் கொடுத்துப் பாருங்கள். நோய் என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டது. இரு வகையையும் ஒரே மாதிரி திருப்புவதே சரி.

வெளிச்சத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். பனிமூட்டத்திலும் உச்சி வெயிலிலும் எடுத்த படங்களை நிரல் சமாளிக்க, எண்களைப் பெருக்கிக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். வெளிச்சத்தைக் குறிக்கும் இந்த எண்ணின் உச்சம் 255. வெளிறிய புள்ளி 220, சுற்றியுள்ள இலை 185 என்று கொள்வோம். 1.15 ஆல் பெருக்கினால் 253, 213, புள்ளி தப்பிக்கிறது. 1.4 ஆல் பெருக்கினால் இரண்டுமே 255ஐத் தாண்டி அங்கேயே வெட்டுப்படும். புள்ளி மறைந்துவிட்டது, ஆனால் படத்தின் பெயர்ச்சீட்டில் 'நோய்' என்றே இருக்கிறது. நாமே பொய் சொல்லிக் கொடுத்த மாதிரி. பிரதிகளில் சிலவற்றைக் கண்ணால் பார்த்து, புள்ளி நமக்கே தெரியாதவற்றை நீக்கிவிட்டு, பெருக்கும் அளவின் வீச்சைக் குறைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே, சோதனைக்கென்று 60 படங்களை ஒதுக்கிவிட வேண்டும். மீதி 180ஐ மட்டும் எட்டாக்கினால் 1440 வரும். முதலில் பெருக்கிவிட்டு அப்புறம் பிரித்தால், பழகிய இலையின் புரட்டிய பிரதி சோதனையிலும் வந்து உட்காரும். மதிப்பெண் பிரமாதமாக இருக்கும், மலையில் இறங்கினால் நிரல் தடுமாறும். ஒரே இலையை நாலு முறை எடுத்திருந்தாலும் நாலும் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும்.

சரி, 1440 படம் ஆயிற்று. ஆனால் எல்லாம் மேலிருந்து எடுத்தவை என்றால், எத்தனை முறை சுழற்றினாலும் இலையின் அடிப்பக்கத்து வெள்ளைப் புடைப்பு அதில் வராது. அதற்கு யாராவது மலைக்குப் போய் இலையைக் கையால் திருப்பித்தான் எடுக்க வேண்டும்.