10 பைசா இறங்கினாலும் எம்எஃப்ஐ ஏன் இவ்வளவு சரிகிறது?

மணி ஃப்ளோ இண்டெக்ஸ், சுருக்கமாக எம்எஃப்ஐ, ஒரு பங்கில் பணம் ஏற்றப் பக்கம் சாய்கிறதா, இறக்கப் பக்கம் சாய்கிறதா என்று காட்டும் எண். "ஆர்எஸ்ஐயோடு வால்யூமைச் சேர்த்தால் எம்எஃப்ஐ" என்று பலரும் சொல்வார்கள். ஆர்எஸ்ஐ என்பது விலையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிடும் எண், வால்யூம் என்பது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை. அவர்கள் சொல்வது பாதி சரி. இரண்டுமே 0 முதல் 100 வரை நகரும், இரண்டுக்கும் வழக்கமான கணக்கு 14 நாள். ஆனால் எம்எஃப்ஐ வால்யூமைச் சேர்க்கும்போது வேறொன்றை விட்டுவிடுகிறது.

முதலில் கணக்கு. ஒரு நாளின் அதிக விலை, குறைந்த விலை, முடிவு விலை மூன்றையும் கூட்டி 3ஆல் வகுத்தால் அன்றைய பொது விலை கிடைக்கும். அதை வால்யூமால் பெருக்கினால் அன்றைய பணப்புழக்கம். பொது விலை நேற்றைவிட ஏறியிருந்தால் அந்தத் தொகை முழுவதும் ஏற்றக் கணக்கில் போகும், இறங்கியிருந்தால் இறக்கக் கணக்கில் போகும். மாறவே இல்லையென்றால் அந்த நாளைச் சேர்ப்பதில்லை. அப்புறம்:

```
MFI = 100 × ஏற்றத் தொகை / (ஏற்றத் தொகை + இறக்கத் தொகை)
```

கணக்கு சிறிதாக இருக்க, 14க்குப் பதில் 4 நாள் எடுத்துக்கொள்வோம். ஒரு பங்கின் பொது விலை 100 ரூபாயில் இருக்கிறது. அடுத்த மூன்று நாளில் 101, 102, 103 என்று ஏறுகிறது, தினமும் 1,000 பங்குகள் கைமாறுகின்றன. ஏற்றத் தொகை 3,06,000 ரூபாய். நான்காம் நாள் விலை 102.90. இறங்கியது வெறும் 10 பைசா, ஆனால் கைமாறியது 5,000 பங்குகள். இறக்கத் தொகை 5,14,500. எம்எஃப்ஐ சுமார் 37.

இதே விலைகளை முடிவு விலையாக வைத்து, ஆர்எஸ்ஐயை எளிய சராசரியில் போட்டால்? ஏற்றம் 3 ரூபாய், இறக்கம் 10 பைசா. கிட்டத்தட்ட 97 வரும்.

ஆர்எஸ்ஐ பார்ப்பது விலை எவ்வளவு நகர்ந்தது என்பதை. எம்எஃப்ஐக்கு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது மட்டும் போதும், எடையை வால்யூமும் விலையும் தருகின்றன. அதனால் நான்காம் நாள் 102.90க்குப் பதில் 103.10 ஆகியிருந்தால், 20 பைசா வித்தியாசத்தில் எம்எஃப்ஐ 37லிருந்து 100க்குப் போயிருக்கும். பெரிய பிளாக் டீல் நடந்த நாளில் விலை அதிகம் அசையாமலே கோடு துள்ளுவது இதனால்தான்.

இன்னொரு துள்ளலும் உண்டு. 1978இல் வைல்டர் வெளியிட்ட ஆர்எஸ்ஐயில் பழைய நாளின் பாதிப்பு மெல்ல மெல்லத் தேயும். எம்எஃப்ஐயில் வெறும் கூட்டல்தான், 14 நாள் முடிந்ததும் அந்தப் பெரிய நாள் ஒரேயடியாகக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அன்று சந்தையில் எதுவுமே நடக்காமல் கோடு எகிறலாம்.

ஆகவே எம்எஃப்ஐ 80ஐத் தாண்டி ஓவர்பாட் என்றோ, 20க்குக் கீழே போய் ஓவர்சோல்ட் என்றோ காட்டினால், நான் முதலில் பார்ப்பது கீழே இருக்கும் வால்யூம் பட்டைகளை. ஒரே ஒரு பட்டை மட்டும் உயரமாக நின்றால், அது அன்று சேர்ந்ததா, 14 நாளுக்கு முன் இருந்து இன்று கழன்றதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த எண்ணை நம்புவேன்.