‘சென்ட்’ ஃபோல்டரில் இல்லையென்றால் மெயில் போகவில்லை என்று யார் சொன்னது?

"சென்ட் ஃபோல்டரில் காணோம், அதனால் மறுபடியும் அனுப்பிவிட்டேன்." அலுவலகங்களின் மின்னஞ்சல் கணக்குகளைப் பராமரிப்பவன் என்ற முறையில் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அண்மையில் ஒரு நிறுவனத்தில், எட்டு எம்பி வரைபடத்துடன் விலைப்புள்ளி அனுப்பிய பெண்மணி அது சென்ட் ஃபோல்டரில் இல்லாததைக் கண்டு, இடையில் மாறியிருந்த விலையையும் திருத்தி இரண்டாம் முறை அனுப்பிவிட்டார். வாடிக்கையாளரின் கையில் இரண்டு விலைகள். குறைந்ததைத்தான் தருவேன் என்று அவர் பிடிவாதமாக நின்றதில் வியப்பில்லை.

மெயிலை அனுப்புவது ஒரு வேலை. அனுப்பியதன் நகலைச் சேமிப்பது வேறொரு வேலை. தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் நீங்கள் அனுப்பும் பொத்தானை அழுத்தியதும், மெயில், அனுப்புவதற்கான முறையான எஸ்எம்டிபி வழியாக, அனுப்பும் சர்வருக்குப் போகிறது. அந்த சர்வர் அதைப் பெற்றுக்கொண்ட பிறகுதான், சர்வரிலுள்ள ஃபோல்டர்களைக் கையாளும் முறையான ஐமேப் வழியாக, மென்பொருள் தனித் தொடர்பில் அதே மெயிலை இன்னொரு முறை பதிவேற்றி, சென்ட் ஃபோல்டரில் வைக்கிறது. அதாவது எட்டு எம்பி வரைபடக் கோப்பு இரண்டு முறை பயணிக்கிறது. கோப்பை எழுத்துகளாக மாற்றும் குறியாக்கத்தால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பதினொரு எம்பி. முதல் வேலை முடிந்து இரண்டாவது தோற்றால் மெயில் போயிருக்கும், நகல் இருக்காது. அந்த நிறுவனத்தில் நடந்தது அதுதான்: கணக்கின் இடம் நிரம்பியிருந்ததால் நகலை வைக்க சர்வர் மறுத்தது. திரையில் "Your message was sent but a copy was not placed in your sent folder" என்று தெளிவாக எழுதிக் காட்டியும், அந்தப் பெட்டியைப் படிக்காமல் மூடிவிட்டார்கள். (பிழைச் செய்தியைப் படித்துவிட்டு மூடுங்கள் என்று கெஞ்சுவதே எங்கள் தொழிலில் பாதி.) எதிர்ப்பக்கமும் உண்மை: சென்ட் ஃபோல்டரில் இருப்பதால் மட்டும் மெயில் உரியவரைச் சேர்ந்துவிட்டது என்று கொள்ள முடியாது.

நகல் காணாமற்போவதற்கு, இடப் பற்றாக்குறையைவிட அதிகமாக நான் காணும் காரணம், அது வேறிடத்தில் சேர்வது. தண்டர்பேர்டில் கணக்கின் அமைப்புகளுக்குள் "Copies & Folders" என்ற பக்கம் உண்டு. அங்கே "Place a copy in" என்பதன் கீழ், கணக்கின் சொந்த ஃபோல்டருக்குப் பதிலாக "Local Folders" தேர்வாகியிருந்தால் நகல் அந்தக் கணினியில் மட்டுமே கிடக்கும். கைப்பேசியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, வன்தட்டு போனால் அதுவும் போய்விடும். மெயிலைக் கணினிக்கு இறக்கிவைக்கும் பாப் முறையில் அமைத்த கணக்குகளின் நிலையும் இதுவே. இதுபோக, சர்வரில் ஒரு கருவி "Sent" என்றும் இன்னொன்று "Sent Items" அல்லது "Sent Messages" என்றும் ஆளுக்கொரு ஃபோல்டர் உருவாக்கி வைத்திருப்பதும் சாதாரணம். சர்வரின் வெப்மெயில் எந்த ஃபோல்டரைப் பயன்படுத்துகிறதோ, அதையே எல்லாக் கருவிகளிலும் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

இரட்டை நகல் இதற்கு நேர்மாறு. ஜிமெயிலின் எஸ்எம்டிபி சர்வர் வழியாக அனுப்பும் எந்த மெயிலையும் அந்த சர்வரே "Sent Mail"-இல் சேமித்துக்கொள்கிறது. மென்பொருளும் தன் பங்குக்கு ஒன்றை வைத்தால், ஒரே மெயில் இரண்டாகத் தெரியக்கூடும். இதைப் பார்த்து, வாடிக்கையாளருக்கும் இரண்டு போனதோ என்று பதறுகிறார்கள். பதறுவதற்கு முன் இரண்டையும் திறந்து, தண்டர்பேர்டில் Ctrl+U அழுத்தி, மெயிலின் தனி அடையாளமான "Message-ID" வரியை ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒன்றேயானால், ஒரு மெயில்தான் இரண்டு முறை சேமிக்கப்பட்டிருக்கிறது; வேறுபட்டால், உண்மையிலேயே இரண்டு முறை அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே அடையாளம் உள்ள இரண்டில், "Received" என்று தொடங்கும் வரி உள்ளது சர்வர் சேமித்த நகல். அந்த வரி இல்லாதது உங்கள் மென்பொருள் பதிவேற்றியது. மென்பொருள் பதிவேற்றுவதை நிறுத்த, அந்தக் கணக்குக்கு மட்டும் "Place a copy in" என்பதன் குறியை எடுத்துவிட்டால் போதும். தானாகச் சேமிக்காத சாதாரண ஹோஸ்டிங் சர்வரில் அதே குறியை எடுத்தால் ஒரு நகலும் மிஞ்சாது என்பதால், பக்கத்து அலுவலகத்தில் செய்ததைப் பார்த்துக் கண்மூடித்தனமாக மாற்றாதீர்கள்.

மாற்றிய பிறகு, உங்களுடைய வேறொரு முகவரிக்குச் சோதனை மெயில் ஒன்றை அனுப்பி, வெப்மெயிலில் போய் நகலைப் பாருங்கள். மென்பொருளுக்குள் பார்ப்பது சோதனையாகாது, ஏனென்றால் கணினியில் மட்டும் உள்ள நகலும் அங்கே சமர்த்தாகத் தெரியும். எதிர்பாராமல் ஒரு மெயிலின் நகல் காணாமற்போனால், தயவுசெய்து மறுபடி அனுப்பாதீர்கள். பெற்றவரைத் தொலைபேசியில் கேளுங்கள், அல்லது ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அந்த நேரத்துக்கான அனுப்புதல் பதிவைக் கேட்டுப் பெறுங்கள்.