இன்குவாரி: விசாரணையா, கேட்பா?

சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத்துப் பிள்ளைகளாக வளர்ந்த எங்களுக்கு 'இன்குவாரி' என்றால் ஒரே படம்தான் மனதில் வரும். ஆபீஸ் கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தொழிலாளி, மேசைக்குப் பின்னால் மானேஜர், பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கும் கிராணி. கூப்பிட்டால் போக வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தவறு செய்த தொழிலாளியை 'முறையான விசாரணை'க்குப் பிறகே நீக்கலாம் என்கிறது. தோட்டத்து வழக்கமும் அதை ஒட்டியதுதான்.

அரசாங்க வேலைக்குப் போன நம் பிள்ளைகள் இந்தப் படத்தையே கூடக் கொண்டு போகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

அண்மையில் ஒரு தம்பி கடிதத்தோடு வந்தார். அரசுக் கிளினிக்கில் உதவியாளர். மூன்று மாதத்தில் விட்டுவிட்டு ஒன்பது நாள் அனுமதியில்லாமல் வரவில்லை என்று குற்றச்சாட்டு. வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ எண்ணம் உண்டு என்றும் எழுதியிருந்தது. "அண்ணே, இன்குவாரிக்குக் கூப்பிடுவாங்கல்ல, அங்க எல்லாம் சொல்லிக்கிறேன்" என்றார். கடிதம் கைக்கு வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

கூட்டரசு அரசியலமைப்பின் 135-ஆம் பிரிவு அரசு ஊழியருக்கு இரண்டு காவல்களைத் தருகிறது. நியமிக்கும் அதிகாரம் உள்ளவருக்குக் கீழே இருப்பவர் அவரை நீக்க முடியாது. தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தராமலும் நீக்க முடியாது. குற்றவியல் வழக்கில் தண்டனை பெற்றவர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் இரண்டாவது காவலைத் தரும் உட்பிரிவில் உள்ள சொல் 'விசாரிக்கப்படுவது' அல்ல, 'கேட்கப்படுவது'. மலாயில் 'டிடெங்கார்'. எழுத்தில் கேட்டாலும் அது கேட்டதாகத்தான் கணக்கு. நேரில் கூப்பிட்டு வாய்மொழியாகக் கேட்பது கட்டாயமில்லை என்று நஜார் சிங் வழக்கில் 1976-இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் முடிவாகச் சொல்லிவிட்டது.

அரசு ஊழியருக்கான 1993-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிமுறைகளின்படி குற்றச்சாட்டுக் கடிதம் கிடைத்தால் 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அதைப் படித்த பிறகும் தெளிவு வேண்டுமென்று ஒழுங்கு அதிகாரக்குழு நினைத்தால் மட்டுமே விசாரணைக் குழு அமைக்கும். நினைக்காவிட்டால் அந்த எழுத்தை வைத்தே முடிவு செய்யும். அதனால் தம்பி எதிர்பார்த்த அழைப்பு வராமலே போகலாம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். 'இன்குவாரி' ஆங்கிலம், அதன் லத்தீன் வேர் தேடுவதைக் குறிப்பது. நாம் சொல்லும் 'விசாரணை' வடமொழியிலிருந்து வந்தது. அங்கே மனத்தால் ஆராய்வது என்று பொருள். ஊரில் ஒருவரை நலம் விசாரிப்பதும் இதிலிருந்துதான். தமிழில் உசாவுதல், வினவுதல் என்று சொற்கள் உண்டு. ஆனால் இவை எல்லாமே கேள்வி கேட்பவர் பக்கத்துச் சொற்கள். பதில் சொல்பவருடைய உரிமை இவற்றில் இல்லை.

தமிழின் 'கேள்' இரண்டு வேலையையும் செய்கிறது. வினாவும் கேள்விதான், காதால் அறிவதும் கேள்விதான், கேள்விஞானம் என்கிறோமே. 135-க்கு இதுவே பொருத்தம். பெயராக்கினால் 'கேட்பு'. முழுத்தொடராக 'தன் பக்கம் சொல்ல நியாயமான வாய்ப்பு'. கோப்பு வழக்கில் நிலைத்த 'விசாரணை'யை குழு நடத்தும் ஆய்வுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கேட்பு எழுத்தில் நடப்பதால் அது ஒப்புக்குச் செய்வது என்று நினைக்கக் கூடாது. போலீஸ் இன்ஸ்பெக்டர் சுரிந்தர் சிங் கண்டாவை 1958-இல் போலீஸ் ஆணையர் நீக்கினார். தேர்வுத்தாள் கசிவை ஆராய்ந்த குழு எழுதிய அறிக்கை அவரை விசாரித்த அதிகாரியிடம் இருந்தது. கண்டாவிடம் காட்டப்படவில்லை. 1962-இல் பிரிவி கவுன்சில் அந்த நீக்கம் செல்லாது என்றது. மெர்டேக்காவுக்குப் பின் நியமிக்கும் அதிகாரம் போலீஸ் சேவை ஆணையத்திடம் போய்விட்டது, அதனால் ஆணையருக்கு நீக்கும் அதிகாரம் இல்லை என்பது ஒரு காரணம். தன் மேல் சொல்லப்பட்டது என்ன என்று தெரியாமல் ஒருவர் எதற்குப் பதில் சொல்வார் என்பது மற்றது.

அப்புறம், அன்று இரவே தம்பியும் நானும் உட்கார்ந்தோம். ஒன்பது நாளையும் தனித்தனியாகத் தேதி போட்டு எழுதினோம். நான்கு நாள் மருத்துவச் சான்று வீட்டுத் தகரப் பெட்டியில் கிடைத்தது. நகல் எடுத்து இணைத்தோம். இரண்டு நாள் மேற்பார்வையாளரிடம் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார், அதுவும் இணைப்பு. மிச்ச மூன்று நாளுக்கு காரணமில்லை, அப்படியே ஒத்துக்கொண்டார். குற்றச்சாட்டு நம்பியிருக்கும் வருகைப் பதிவின் நகல் தனக்குத் தரப்படவில்லை, தர வேண்டும் என்று கடைசிப் பத்தியில் கேட்டோம். பதினெட்டாம் நாள் காலை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, தன் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கி வந்தார்.