438 பொருந்திவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது முறை. பக்கம் பக்கமாக இறக்கிச் சேமித்த ஜேசன் கோப்புகளை ஒரே பட்டியலாக ஆக்கும்போது, "ஒரே மாதிரி இருந்த பதிவுகளை எல்லாம் நீக்கிவிட்டேன்" என்று நிம்மதியாகச் சொல்கிறார்கள். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை தருகிறது. ஒரே மாதிரி இருப்பது வேறு, ஒன்றாகவே இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் உண்மையான பதிவுகள் காணாமல் போகும். போனது யாருக்கும் தெரியாது.

கடைசியாக என்னிடம் வந்தது ஓர் அறக்கட்டளையின் நன்கொடைப் பட்டியல். தளம் ஒரு பக்கத்துக்கு 100 பதிவுகளைத் தரும். புதியது முதலில் வரும். கணக்கு பார்க்கும் தம்பி ஐந்து பக்கங்களை இறக்கியிருந்தார். முதல் நான்கில் நூறு நூறு, ஐந்தாவதில் 38. ஆக மொத்தம் 438. கடைசிப் பக்கத்தில் தளம் காட்டிய மொத்தமும் 438. "எண்ணிக்கை சரியாக இருக்கிறதே சார், பிறகு ஏன் சில பதிவுகள் இரண்டு முறை வருகின்றன?" என்று கேட்டார். பிறகு பெயர், தேதி, தொகை மூன்றும் ஒத்திருந்தவற்றை அவரே நீக்கினார். 431 மிஞ்சியது. அடுத்த வாரம் ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்து, தான் கொடுத்த ஐந்து நன்கொடைகளில் ஒன்றுக்குத்தான் ரசீது வந்தது என்றார். தன் குடும்பத்தில் ஐந்து பேர் நினைவாக, ஒரே நாளில், தன் பெயரிலேயே ஐந்து முறை 500 ரூபாய் அனுப்பியிருந்தார். ஐந்தும் தனித்தனிப் பதிவுகள், ஐந்துக்கும் தனித்தனி அடையாள எண். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததால் நான்கு போய்விட்டன. கணக்கில் 2,000 ரூபாய் குறைந்தது.

அந்த ஐந்து கோப்புகளை வாங்கி, ஜேசன் கோப்புகளைப் படித்துத் திருத்த உதவும் `jq` என்ற கட்டளையில் முதலில் நான் பார்த்தது இதைத்தான்:

```
jq .total page-*.json
```

435, 435, 435, 438, 438 என்று வந்தது. மூன்றாம் பக்கத்தை இறக்கிவிட்டுத் தம்பி சாப்பிடப் போயிருக்கிறார். அந்த இடைவெளியில் மூன்று புதிய நன்கொடைகள் பட்டியலின் தலையில் வந்து சேர்ந்தன. மற்றவை எல்லாம் மூன்று இடம் கீழே இறங்கின. அதனால் மூன்றாம் பக்கத்தின் கடைசி மூன்று பதிவுகளே நான்காம் பக்கத்தின் முதல் மூன்றாக மீண்டும் வந்தன. புதிதாக வந்த மூன்றோ முதல் பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை அவர் முன்பே இறக்கிவிட்டார். ஆக, மூன்று இருமுறை வந்தன, மூன்று வரவே இல்லை. கூட்டினால் 438 அப்படியே பொருந்துகிறது. எண்ணிக்கை ஒத்துப்போனதால் பட்டியல் முழுமையானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படிப் பட்டியல் நகரும்போது அந்த எண்ணிக்கை எப்போதும் ஒத்துத்தான் போகும்.

பதிவு முழுவதையும் ஒப்பிட்டு நீக்கும் `unique` போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அதுவும் தோற்றத்தைப் பார்ப்பதுதான். திரும்ப வந்த மூன்றில் இரண்டு அச்சு அசலாக இருந்தன. மூன்றாவதில், மூன்றாம் பக்கத்தில் `pending` என்று இருந்த நிலை, நான்காம் பக்கத்தில் `paid` ஆகியிருந்தது. `unique` போட்டால் 436 வரும். அந்த ஒரு நன்கொடை இரண்டாகவே நிற்கும். அடையாள எண்ணை மட்டும் பார்க்கும் `unique_by(.id)` 435 என்று சரியாகத் தரும். ஆனால் ஒரே எண்ணில் முதலில் வந்த பதிவை அது வைத்துக்கொள்ளும். நம் கதையில் அது பழைய `pending`. பணம் வந்த பிறகும் வரவில்லை என்று கணக்கு சொல்லும்.

எனவே முதல் பக்கத்தை மீண்டும் இறக்கி `page-06.json` என்று பெயரிட்டேன். பிறகு:

```
jq -s 'map(.donations) | add
  | group_by(.id)
  | map(max_by(.updated_at))' page-*.json > all.json
```

ஆறு கோப்புகளிலும் சேர்த்து 538 பதிவுகள். வெளியே வந்தவை 438. இந்த முறை அத்தனையும் தனித்தனி. ஒரே எண்ணுள்ளவை ஒரு கட்டாகின்றன. கட்டுக்கு ஒன்றாக, கடைசியாகத் திருத்தப்பட்டது நிற்கிறது. `updated_at` ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், ஒரே நேர மண்டலத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நாள் முன்னால் வரும் தேதிகளை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் விடை தவறும். அப்படி ஒரு புலமே இல்லையென்றால் `map(last)` போடுங்கள். கடைசிக் கோப்பில் இருப்பது வெல்லும். அதற்காகத்தான் `page-01` என்று பூஜ்யத்தோடு பெயரிடச் சொல்கிறேன். இல்லாவிட்டால் பத்தாம் பக்கம் இரண்டாம் பக்கத்துக்கு முன்னால் போய் நின்றுவிடும்.

`map(.donations)` என்ற பகுதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சென்ற வாரம் ஒருவர் வெறும் `add` மட்டும் போட்டார். பட்டியல்களை `add` ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும். ஆனால் ஒவ்வொரு கோப்பும் `total`, `donations` என்ற பெயர்களோடு ஒரு பொருளாக இருந்தால், பின்னால் வருவது முன்னால் இருந்ததை மூடிவிடும். அவர் கையில் கடைசிப் பக்கம் மட்டுமே மிஞ்சியது. பிழைச் செய்தி எதுவும் வராது.

அடையாள எண் இல்லாத பதிவுகளிடமும் எச்சரிக்கை தேவை. அவை எல்லாவற்றுக்கும் `null` என்ற ஒரே எண் இருப்பதாகக் கொண்டு, அத்தனையும் ஒன்றாகிவிடும். `id` என்பதை `Id` என்று எழுதிவிட்டால் முழுப் பட்டியலும் ஒரே பதிவாகச் சுருங்கும். இணைக்கும் முன் இதை ஓட்டுங்கள். பூஜ்யம் வர வேண்டும்:

```
jq -s 'map(.donations) | add
  | map(select(.id == null)) | length' page-*.json
```

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை இருக்கிறது. இறக்கும் நடுவில், ஏற்கெனவே இறக்கிய பகுதியிலிருந்து ஒரு பதிவு நீக்கப்பட்டால், பட்டியல் மேலே ஏறும். அடுத்த பக்கத்தின் முதல் பதிவு, நாம் முடித்துவிட்ட பக்கத்துக்குள் நழுவிவிடும். அப்போது இருமுறை வருவது எதுவும் இருக்காது, ஒன்று காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். இல்லாததை `jq` கண்டுபிடிக்காது. ஒரே நேரத்தில் ஒன்று வந்து ஒன்று போனால் `total` கூட மாறாது.

ஆகவே கோப்புகளை இடைவெளியில்லாமல் இறக்குங்கள். தளம் அனுமதித்தால் நேற்று வரையிலான பதிவுகளை மட்டும் கேளுங்கள்; புதியவை வந்து தள்ளாது. முடிந்ததும் உடனே இன்னொரு முறை முழுவதையும் வேறு கோப்புறையில் இறக்கி, இரண்டின் அடையாள எண்களையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்திருந்தால்தான் நான் கணக்கரிடம் கொடுப்பேன். மூலக் கோப்புகளைத் திருத்தாமல், அழிக்காமல் வைத்திருங்கள். அந்தத் தம்பி அப்படி வைத்திருந்ததால்தான் அந்தப் பெண்மணியின் நான்கு ரசீதுகளையும் அன்று மாலையே அனுப்ப முடிந்தது.