சர்ஜ் அரெஸ்டர் பச்சையாகத்தான் இருந்தது, லிஃப்ட் போர்டு இரண்டாவது தடவையும் எரிந்துவிட்டது

போன வருஷம் கோவை பக்கம் ஒரு நாலு மாடிக் கட்டிடத்துக்குக் கூப்பிட்டார்கள். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், மொட்டை மாடியில் லிஃப்ட் மெஷின் ரூம், அதற்கும் மேலே ஒரு இடிதாங்கி. சித்திரையில் ஒரு இடி மழை, ஐப்பசியில் ஒன்று, இரண்டு தடவையும் லிஃப்டின் கன்ட்ரோல் போர்டு போய்விட்டது. ஓனருக்கு ஒரே கேள்விதான்: "மெயின் பேனல்ல சர்ஜ் அரெஸ்டர் போட்டிருக்கோமே சார், அது பச்சையாத்தான் இருக்கு, அப்புறம் எப்படி எரியும்?"

இடியால் வயரில் திடீரென்று ஏறும் வோல்டேஜ்தான் சர்ஜ், அதை எர்த் பக்கம் திருப்பிவிடுவது அரெஸ்டரின் வேலை. அதன் பச்சை ஜன்னல் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வோல்டேஜ் ஏறினால் கரண்டுக்கு வழிவிடுகிற வேரிஸ்டர் உள்ளே இருக்கிறது, அது அளவுமீறிச் சூடானால் அதைத் துண்டிக்கிற அமைப்பு இன்னும் கழன்றுவிடவில்லை. அதை எப்படி வயரிங் செய்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. நான் மீட்டர் எதையும் எடுக்கவில்லை, டேப் எடுத்தேன். பேனலில் இடம் இல்லை என்று அரெஸ்டரைப் பக்கத்தில் தனிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பேனலில் சப்ளை வந்து பிரிகிற பஸ்பாரிலிருந்து ஃபியூஸ் வழியாக அரெஸ்டர் வரை 1.2 மீட்டர், அரெஸ்டரிலிருந்து எர்த் பார் வரை 1.4 மீட்டர். பார்க்க அழகான வேலை, வயர்கள் டக்ட்டுக்குள் மடிப்பு மடிப்பாக, பின்னால் மாற்ற வேண்டியிருந்தால் உதவட்டும் என்று ஒரு சுற்று கூடுதலாகவும் விட்டிருந்தார்கள். மொத்தம் 2.6 மீட்டர்.

அரெஸ்டர் மேல் 1500 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. சர்ஜ் வரும்போது தன் இரண்டு முனைகளுக்கு நடுவில் அது விட்டுவைக்கிற மிச்ச வோல்டேஜ் அது. ஆனால் மிஷினுக்குப் போய்ச் சேருவது பஸ்பாருக்கும் எர்த் பாருக்கும் நடுவில் இருக்கிற வோல்டேஜ், அதற்குள் இந்த 2.6 மீட்டர் வயரும் அடக்கம். நேரான வயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் காட்டும். 50 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் சர்ஜ் 8 மைக்ரோ செகண்டில் 10,000 ஆம்பியருக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், மைக்ரோ செகண்டுக்கு 1250 ஆம்பியர், அதாவது மீட்டருக்கு 1250 வோல்ட். 2.6 மீட்டருக்கு 3250. அரெஸ்டரின் 1500-ஐயும் சேர்த்தால் 4750 வோல்ட். (இரண்டும் ஒரே நொடித்துகளில் உச்சத்துக்கு வருவதில்லை, அதனால் நேராகக் கூட்டுவது கொஞ்சம் மிகைதான், ஆனால் வேலைக்கு இந்தக் கணக்கு போதும்.) பேனல், நிரந்தர வயரிங் இவற்றுக்கு 230/400 வோல்ட் அமைப்பில் எதிர்பார்க்கிற தாங்குதிறன் 4000 வோல்ட், சாதாரணக் கருவிகளுக்கு 2500. அரெஸ்டர் தன் வேலையைச் சரியாகச் செய்தும் பேனலின் அளவையே தாண்டிவிட்டது.

அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் அனுபவசாலி. "தனியா ஒரு எர்த் பிட் அடிச்சு நேரா அரெஸ்டருக்கு இழுத்துடலாம் சார், 70 ஸ்கொயர் வயர் போட்டா ஒண்ணும் வராது" என்றார். இதைப் பாதிப் பேர் சொல்வார்கள், ஏனென்றால் சர்ஜை மண்ணுக்குள் அனுப்பிவிட்டால் போதும் என்ற எண்ணம். மிஷின் மண்ணைப் பார்ப்பதில்லை. தன் ஃபேஸ் வயருக்கும் தன் பாடிக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அதற்கு வலிக்கும் இடம், அந்தப் பாடி பேனல் எர்த் பாரில் இருக்கிறது. பிட்டுக்கு 9 மீட்டர் வயர் இழுத்தால் அந்த 9 மீட்டரின் வோல்டேஜும் பிட்டின் ஓம்ஸில் விழுவதும் மிஷின் தலையில்தான் ஏறும். வயரைத் தடிமனாக்கினால் இண்டக்டன்ஸ் மிகக் கொஞ்சம்தான் குறையும், நீளத்தைக் குறைத்தால்தான் பலன். அரெஸ்டரின் எர்த் முனை பக்கத்து எர்த் பாருக்கே போக வேண்டும், பிட்டுகளுக்கு எர்த் பாரிலிருந்து போய்க்கொள்ளட்டும்.

சர்வதேச மின் தரநிலை அமைப்பான ஐஈசியின் விதி இரண்டு பக்க வயரும் சேர்ந்து அரை மீட்டரைத் தாண்டாமல் பார்க்கச் சொல்கிறது, ஃபியூஸுக்குப் போய் வருவதும் அந்தக் கணக்கில் சேரும். தனிப் பெட்டியை எடுத்துவிட்டு, ஒரு பழைய ஃபீடரை இடம் மாற்றி, அரெஸ்டரை எர்த் பாருக்கு மேலேயே உட்காரவைத்தோம், மொத்தம் 40 சென்டிமீட்டர் வந்தது. அதே கணக்குப்படி 500-உம் 1500-உம் சேர்ந்து 2000 வோல்ட். இடமே கிடைக்காவிட்டால், வரும் வயரை அரெஸ்டர் முனைக்கே கொண்டுவந்து அங்கிருந்தே அடுத்ததற்கு எடுத்துப் போகலாம், கிளை வயர் என்ற ஒன்றே இருக்காது. ஆனால் லோடு கரண்ட் முழுக்க அந்த முனை வழியாகப் போவதால் பெரிய பேனலுக்கு இது ஒத்துவராது.

சாதனத்தையும் மாற்றினோம். இருந்தது டைப் 2, தூரத்து இடிக்குப் போதும். மாடியில் இடிதாங்கி இருக்கிற கட்டிடத்தில் அது போதாது, நேராக இடி விழுந்தால் அதில் பாதி மின்சார வயர்கள் வழியாக வெளியேறப் பார்க்கும் என்பதுதான் வழக்கமான கணக்கு. 100 கிலோ ஆம்பியர் என்றால் 50, நாலு வயருக்குப் பிரித்தால் ஆளுக்கு 12.5. 10 மைக்ரோ செகண்டில் உச்சத்துக்கு ஏறி 350-இல் பாதிக்கு இறங்கும் நீளமான 10/350 அலையில் அதைத் தாங்குகிற டைப் 1+2 ஒன்று வைத்தோம்.

இதோடு வேலை முடிந்தது என்று ஓனர் நினைத்தார். மெயின் பேனலிலிருந்து மெஷின் ரூம் வரை கேபிள் 35 மீட்டர். பத்து மீட்டரைத் தாண்டிவிட்டால் கேபிள் முனையில் அலை மோதித் திரும்பி, வோல்டேஜ் மோசமான நிலையில் இரட்டிப்பாகக்கூடும். கீழே 2000 என்றால் மேலே 4000, போர்டு தாங்குவது 2500. அதனால் மெஷின் ரூம் டிபியில் ஒரு டைப் 2 அவசியம், அங்கேயும் குட்டை வயரோடு.

இந்த 35 மீட்டரில் ஒரு லாபமும் உண்டு. எங்கே குறைவான வோல்டேஜில் திறக்கிற சாதனம் இருக்கிறதோ அங்கேதான் சர்ஜ் ஓடும். நடுவில் நீளமான கேபிள் இருந்தால் அதன் இண்டக்டன்ஸ் தடுப்பாக நின்று, பெரும் பங்கை மெயின் அரெஸ்டர் பக்கமே தள்ளிவிடும். கேபிள் குட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கட்டிடத்திலேயே சாட்சி இருந்தது. மெயின் பேனலிலிருந்து மூன்று மீட்டரில் வரவேற்பு மேஜை, அங்கே சர்ஜ் பாதுகாப்பு உள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஐப்பசி மழையில் அது கருகி மேஜைத் துணியில் ஓட்டை போட்டிருந்தது. பேனலில் 2.6 மீட்டர் வயரோடு தடுமாறிய பெரிய அரெஸ்டரைவிட இந்தக் குட்டிக்குப் பாதை சுலபம், அதனால் பெரியதின் சுமையை இது இழுத்துக்கொண்டது.

மெயினில், இரண்டு முனைகளுக்கு நடுவில் தீப்பொறி பற்றினால்தான் வேலை செய்கிற ஸ்பார்க் கேப் வகை இருந்தால் இது இன்னும் கறார். பழைய வகை கேப் பற்ற 2500 வோல்ட் வேண்டும், கேபிளின் மறுமுனையில் இருக்கும் வேரிஸ்டர் 1200-லேயே பிடித்துவிடுகிறது என்று வையுங்கள். மீதி 1300 வோல்ட் நடுக் கேபிளில் விழுந்தால்தான் கேப் பற்றும். மெதுவாக ஏறும் இடி, மைக்ரோ செகண்டுக்கு 100 ஆம்பியர் என்றால், 3 மைக்ரோஹென்றியில் கிடைப்பது வெறும் 300. கேப் தூங்கும், வேரிஸ்டர் வெடிக்கும். 15 மைக்ரோஹென்றி இருந்தால் 1500, பற்றிவிடும். இப்போது வருகிற ட்ரிகர் வைத்த கேப்களுக்கு இந்த இடைவெளி தேவையில்லை, ஆனால் எந்த டைப் 2-உடன் சேர்த்துச் சோதித்தார்கள் என்று தயாரிப்பாளர் அட்டவணையில் பார்க்காமல், இரண்டு கம்பெனிப் பொருட்களை ஜோடி சேர்க்க எனக்குத் தைரியம் வராது.

வரவேற்பு மேஜைக்குச் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் போட்டுக் கொடுத்தேன். மெஷின் ரூமில் எலெக்ட்ரீஷியன் வயரை முடிக்கும்போது பழக்கதோஷத்தில் மறுபடி ஒரு சுற்று விட்டிருந்தார். கட்டரை எடுத்துக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே அவரே வெட்டினார். வெட்டிய துண்டை அளந்தோம், 55 சென்டிமீட்டர்.