வாக்கு எண்ணும் நாளில் எத்தனை லாட்?

கோவையில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தின் இடர் மேலாண்மைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளரின் கணக்கில் மார்ஜின், அதாவது பிணையாக வைக்கும் பணம், குறைந்தால் எச்சரிப்பதும், அவர் பணம் கட்டாவிட்டால் அவருடைய பொசிஷனை முடித்துவைப்பதும் எங்கள் பிரிவின் பொறுப்பு. யாருக்கும் பிடிக்காத வேலை. தேர்தல் முடிவு வரும் நாளில் எங்களுக்கே பிடிக்காது.

2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. முந்தைய சனிக்கிழமை மாலை வந்த வாக்குக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்குப் பெரும் வெற்றி என்றன. திங்களன்று நிஃப்டி 3.25 சதவீதம் ஏறி 23,264இல் முடிந்தது. திருப்பூரில் பனியன் தொழில் நடத்தும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அன்று காலையிலேயே 23,300க்கு அருகே நிஃப்டி குறியீட்டின் மீதான எதிர்கால ஒப்பந்தம், அதாவது நிஃப்டி ஃபியூச்சர், நான்கு லாட் வாங்கியிருந்தார். கணக்கில் இருந்தது நான்கரை லட்சம். அதில் பெரும்பகுதி மார்ஜினுக்கே போய்விட்டது.

செவ்வாய் காலை எண்ணிக்கை தொடங்கியது. பாஜகவுக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்காது என்று தெரியத் தெரியச் சந்தை சரிந்துகொண்டே போனது. நண்பகலையொட்டி நிஃப்டி 21,281 வரை இறங்கியது. அவருக்கு மூன்று முறை அழைத்தேன். நான்காவது முறை எடுத்தார். "அண்ணா, மார்ஜின் போதவில்லை. பணம் போடுகிறீர்களா, நாங்கள் முடித்துவிடவா?" என்றேன். "ஆட்சி மாறாது தம்பி, சந்தை திரும்பிவிடும்" என்றார். பணம் வரவில்லை. 21,400 வாக்கில் நான்கு லாட்டையும் முடித்தோம். ஒரு லாட் என்பது அப்போது 25 யூனிட். 1,900 புள்ளி, 100 யூனிட்: ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் போய்விட்டது.

அவர் சொன்னது அப்படியே நடந்தது என்பதுதான் வேதனை. ஆட்சி மாறவில்லை, கூட்டணி 293 இடங்களுடன் அரசு அமைத்தது. வெள்ளிக்கிழமை நிஃப்டி 23,290இல் முடிந்தது, ஏறக்குறைய அவர் வாங்கிய விலை. ஒரே ஒரு லாட் வைத்திருந்தால் செவ்வாய் நண்பகலில் அவருக்கு ஐம்பதாயிரம் நஷ்டம் தெரிந்திருக்கும், மார்ஜின் தாராளமாக மிஞ்சியிருக்கும், நாங்கள் அழைத்திருக்கவே மாட்டோம். அரசியலைச் சரியாகத்தான் கணித்தார், லாட் எண்ணிக்கையில் தவறிவிட்டார்.

அவர் கணக்கிடாமல் இருந்தார் என்று சொல்ல மாட்டேன். திங்கள் மாலை என்னிடம் ஒரு கணக்குச் சொன்னார். சந்தை எதிர்பார்க்கும் அசைவை ஆண்டுச் சதவீதமாகச் சொல்லும் இந்தியா விஐஎக்ஸ் 21இல் இருக்கிறது, ஆண்டில் சுமார் 252 வர்த்தக நாள், அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16, ஆகவே 21ஐ 16ஆல் வகுத்தால் நாளைக்கு 1.3 சதவீத அசைவு. முந்நூறு புள்ளிதானே, தாங்கிவிடலாம். வகுத்தல் சரிதான். பல இடங்களில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் சாதாரண நாளுக்கான இந்தக் கணக்கை முடிவு வரும் நாளுக்குப் போட்டால் அடி வாங்க வேண்டியதுதான்.

ஆப்ஷன் விலைகளிலிருந்து கணக்கிடப்படும் விஐஎக்ஸ் சொல்வது அடுத்த 30 நாளுக்கான எதிர்பார்ப்பை. அதில் வர்த்தக நாட்கள் சுமார் 21. நேராக வகுத்தால் அந்த 21 நாளும் ஒரே மாதிரி அசையும் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் அந்த எண் உயர்ந்திருப்பதற்குக் காரணம் ஒரே ஒரு நாள். மற்ற இருபது நாளும் வழக்கம்போலத்தான் இருக்கும் என்று ஆப்ஷன் விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். பாரம் முழுவதும் அந்த ஒரு நாளின் தலையில் இருக்கிறது. அதைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும்.

பிரிப்பது கடினமல்ல; நாளசைவுகளை அப்படியே கூட்டக்கூடாது, அவற்றின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 1.3இன் வர்க்கம் சுமார் 1.7, இருபத்தொரு நாளுக்கு 36. இது மொத்தம். தேர்தல் பரபரப்பு இல்லாத காலத்தில் விஐஎக்ஸ் 12 இருக்கும் என்று கொள்வோம். அப்படியானால் சாதாரண நாளின் அசைவு 0.75 சதவீதம், அதன் வர்க்கம் 0.56, இருபது நாளுக்கு 11. முப்பத்தாறில் பதினொன்று போக மிச்சம் 25. அதன் வர்க்கமூலம் 5.

ஆக, அதே 21 என்ற விஐஎக்ஸ் ஜூன் 4க்குச் சொன்னது 1.3 சதவீதம் அல்ல, ஏறக்குறைய 5 சதவீதம். அன்று நிஃப்டி முடிவில் இறங்கியது 5.93 சதவீதம். எல்லோரும் அதிர்ச்சி என்று பேசிய அந்த வீழ்ச்சியின் அளவு, திங்கள் மாலையே திரையில் எழுதி வைத்ததுபோல இருந்தது. திசையை மட்டும் அது சொல்லவில்லை, ஒருபோதும் சொல்லாது.

இந்தக் கணக்குக்கு எல்லைகள் உண்டு. சாதாரண காலத்துக்கு 12 என்று வைத்தது என் ஊகம். 14 என்று வைத்தால் விடை நாலரைக்கு அருகே வரும். முடிவுக்கு மறுநாளும் சந்தை ஆடும் (ஜூன் 5 அன்று 3.36 சதவீதம் ஏறியது), அதன் பங்கும் அந்த 25க்குள் அடங்கியிருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, 5 என்பது உச்சவரம்பு அல்ல. மூன்றில் இரண்டு முறை அசைவு அதற்குள் அடங்கும், மூன்றாவது முறை மீறும் என்பதுதான் அதன் பொருள். 2009 மே 18 அன்று தேர்தல் முடிவுக்குப் பிறகு சந்தை திறந்த கணத்திலேயே மேல் வரம்பைத் தொட்டு வர்த்தகம் நின்றது. நிஃப்டி அன்று 17 சதவீதத்துக்கு மேல் ஏறியது. விலை இறங்கும் என்று விற்று ஷார்ட் வைத்திருந்தவர்களுக்கு வெளியேறக் கதவே இல்லை. 2004 மே 17 அன்று இதற்கு நேர் எதிராக, கீழ்நோக்கி, ஒரே நாளில் இரண்டு முறை வர்த்தகம் நின்றது.

அதனால் அளவை முடிவு செய்யும்போது நான் கிடைத்த விடையை இரட்டிப்பேன். 5 சதவீதம் என்றால் 10. ஜூன் 3 விலையில் அது சுமார் 2,330 புள்ளி, 25 யூனிட் லாட்டுக்கு 58,000 ரூபாய். ஒரே நாளில் 58,000 போனாலும் குடும்பச் செலவு தடைப்படாது, மார்ஜினும் மிஞ்சும் என்றால் ஒரு லாட். இல்லையென்றால் பூஜ்யம். அன்று உள்நாள் சரிவு 8.5 சதவீதம் என்பதை நினைத்தால் இது மிகைப்பட்ட எச்சரிக்கையாக எனக்குத் தெரியவில்லை. இப்போது நிலைமை இன்னும் இறுக்கம். 2024 நவம்பர் முதல் குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை செபி 15 லட்சமாக உயர்த்திவிட்டது. அதன் 10 சதவீதம் என்றால் ஒரு லாட்டுக்கு ஒன்றரை லட்சம். பலருக்கு இதற்குப் பிறகு கணக்குப் போட எதுவும் மிச்சமில்லை, விடை பூஜ்யம்தான்.

"ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேனே" என்பார்கள். இரவோடு இரவாக விலை தாவினால் உங்கள் ஸ்டாப் லாஸ் நீங்கள் எழுதிய விலையில் வேலை செய்யாது, கிடைக்கும் விலையில் வேலை செய்யும். ஆப்ஷனில் இன்னும் மோசம். ஆப்ஷனுக்கு மார்க்கெட் விலையில் விற்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டரை என்எஸ்இ 2021இலேயே நிறுத்திவிட்டது. லிமிட் விலையுள்ள ஸ்டாப் லாஸ் மட்டுமே உண்டு. விலை அந்த லிமிட்டைத் தாண்டி ஓடினால் ஆர்டர் அப்படியே நிற்கும், நஷ்டம் தொடரும். ஜூன் 4 அன்று ஆர்டர் பட்டியலில் இப்படி அனாதையாக நின்ற ஸ்டாப் லாஸ்களை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

பட்ஜெட் வேறு ரகம். தேர்தலில் ஆபத்து இரண்டு நாள் முடிவுவிலைகளுக்கு இடையே இருக்கிறது. பட்ஜெட்டில் பதினொரு மணிக்குப் பேச்சு தொடங்கி அது முடிவதற்குள் இருக்கிறது. வரி அறிவிப்புகள் பேச்சின் கடைசிப் பகுதியில்தான் வரும். 2024 ஜூலை 23 அன்று குறுகிய கால மூலதன ஆதாய வரி 15இலிருந்து 20 சதவீதமாகவும் நீண்ட கால வரி 10இலிருந்து 12.5 ஆகவும் உயர்ந்தது. நிஃப்டி முந்தைய நாள் முடிவிலிருந்து நானூறு புள்ளிக்கு மேல் சரிந்து 24,074 வரை போய்விட்டு, முடிவில் 24,479க்கு வந்தது. இழப்பு வெறும் 0.12 சதவீதம். செய்தியில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத நாள். நெருக்கமாக ஸ்டாப் லாஸ் வைத்து லாங் போனவர் சரிவில் வெளியேற்றப்பட்டார், அதைப் பார்த்து ஷார்ட் போனவர் மீட்சியில் அடிபட்டார். பேச்சு முடிந்து நிதி மசோதா வெளியாகி, அதில் எழுதியிருப்பதைச் சந்தை படித்து முடிக்கும்வரை எந்த ஆர்டரும் போடாதவருக்கு அன்று எதுவும் நஷ்டமில்லை.

எங்கள் திருப்பூர் அண்ணன் இப்போது ஃபியூச்சர் பக்கம் போவதில்லை. 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டுக்கு, அது சனிக்கிழமையாக இருந்தும் சந்தை திறந்திருந்தது, முந்தைய நாளே இரண்டு ஆப்ஷன் வாங்கி வைத்தார்: ஏறினால் லாபம் தரும் கால் ஒன்று, இறங்கினால் லாபம் தரும் புட் ஒன்று. எந்தப் பக்கம் ஓடினாலும் லாபம், நஷ்டம் கட்டிய பிரீமியத்தோடு முடியும் என்பது திட்டம். இரண்டாவது பாதி சரி. முதல் பாதியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: கட்டிய பிரீமியத்தைவிட அதிகமாக ஓட வேண்டும். நிகழ்வுக்கு முன் பிரீமியத்தில் அந்த ஒரு நாளுக்கான எதிர்பார்ப்பும் சேர்த்தே விற்கப்படுகிறது. பேச்சு முடிந்ததும் அந்தப் பகுதி காற்றுப் போன பலூனாகிவிடும். 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை என்ற பெரிய அறிவிப்பு வந்த நாளிலும் நிஃப்டி 26 புள்ளி மட்டுமே இறங்கி 23,482இல் முடிந்தது. கால், புட் இரண்டுமே மெலிந்தன.

திங்கள் காலை அவரே அழைத்தார். "எவ்வளவு போயிற்று அண்ணா?" என்றேன். "ஒன்பதாயிரத்துச் சொச்சம். பத்தாயிரம் போகலாம் என்று எழுதி வைத்திருந்தேன்" என்றார். பிறகு, பனியன் துணி வெட்டும் மேசைக்கு அருகே நின்று பேசியிருப்பார் போல, யாரையோ அதட்டிவிட்டு, "உங்களிடமிருந்து போன் வரவில்லை பாருங்கள்" என்றார்.